வீட்டுக்குப் போன டின்

மாதக் கடைசி என்றால் அந்த எண்ணெய்க்கடையிலிருந்து ஒரு டின் கடலை எண்ணெய் சைக்கிள் கேரியரில் ஏறிவிடும். பதினைந்து கிலோ டின். பாதி முதலாளி வீட்டுக்கு, பாதி கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு. பில் கிடையாது, கல்லாவில் காசும் விழாது. "நம்ம கடை, நம்ம எண்ணெய், இதுக்கென்ன கணக்கு?" என்பார் அண்ணாச்சி. தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பதால், கற்பனையாக ஒரு கடையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

ஆண்டு முடிவில் ஆடிட்டர் முன்னால் உட்காரும்போதுதான் சிக்கல் தெரியவரும். "டின்னுக்கு 2,500 ரூபாய் கொடுத்து வாங்கி 2,900க்கு விக்கிறீங்க. விற்பனையில நூத்துக்குப் பதினாலு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைச்சலா மொத்த இலாபம் நிக்கணும். பதினொண்ணைக்கூடத் தொடலையே, அண்ணாச்சி?" விலை ஆண்டு முழுக்க ஏறவோ இறங்கவோ இல்லை. திருட்டும் போகவில்லை. எங்கே ஓட்டை?

ஏட்டில் இருப்பது இதுதான். ஆண்டின் தொடக்கத்தில் 32 டின் இருப்பு, மதிப்பு 80,000 ரூபாய். வாங்கியது 480 டின், 12,00,000 ரூபாய். விற்பனை 13,22,400 ரூபாய். கடைசி நாளில் எண்ணிப் பார்த்த இருப்பு 40 டின், 1,00,000 ரூபாய். தொடக்கச் சரக்கிருப்போடு கொள்முதலைக் கூட்டி இறுதிச் சரக்கிருப்பைக் கழித்தால், விற்ற சரக்கின் அடக்கம் 11,80,000 ரூபாய். விற்பனையில் அது போக, வியாபாரக் கணக்கு காட்டும் மொத்த இலாபம் 1,42,400 ரூபாய்.

பணத்தை விட்டுவிட்டு டின்னை எண்ணினால் ஓட்டை கண்ணில் படும். 32ம் 480ம் சேர்த்து 512. கையில் 40. அப்படியானால் 472 டின் கடையை விட்டுப் போயிருக்கிறது. 13,22,400ஐ 2,900ஆல் வகுத்தால் 456தான் வருகிறது. மீதி 16 டின் விற்காமலே வெளியே போயிருக்கிறது. அதில் பன்னிரண்டு, மாதம் ஒன்றாக வீட்டுக்குப் போனவை. மற்ற நான்கு எங்கே என்று கேட்டதும் அண்ணாச்சிக்கு ஞாபகம் வந்தது. ஊரில் புதிதாகக் குடியிருப்பு ஒன்று வந்தபோது, சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து வீட்டுக்கு வீடு மாதிரி கொடுத்திருந்தார். நாலைந்து ஓட்டல்களுக்கும் கொடுத்தார்.

இந்த இரண்டு போக்கும் ஒன்றல்ல. கணக்கியலின் கண்ணில் அண்ணாச்சி வேறு, அவர் கடை வேறு. கடையின் சரக்கை அவர் வீட்டுக்கு எடுத்துப்போனால், தான் போட்ட முதலில் ஒரு பகுதியைப் பணமாக இல்லாமல் எண்ணெயாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்று பொருள். அது செலவு அல்ல, எடுப்பு. குப்பியில் போனது வாடிக்கையாளரைப் பிடிக்கப் போனது. அது விளம்பரச் செலவு. குறிப்பேட்டில் இப்படிப் பதிய வேண்டும்:

எடுப்புகள் கணக்கு — பற்று 30,000
கொள்முதல் கணக்கு — வரவு 30,000

விளம்பரக் கணக்கு — பற்று 10,000
கொள்முதல் கணக்கு — வரவு 10,000

இரண்டிலும் வரவு வைப்பது கொள்முதலைத்தான், விற்பனையை அல்ல. யாரும் வாங்கவில்லை, விலை பேசவில்லை, எனவே அது விற்பனை ஆகாது. விற்பதற்காக வாங்கிய சரக்கில் 16 டின் அந்த வேலைக்குப் பயன்படவில்லை. ஆகவே வியாபாரக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் கொள்முதல் 12,00,000 என்று எழுதி, அதிலிருந்து 40,000ஐக் கழித்து, 11,60,000 என்று காட்டுவார்கள். உடனே மொத்த இலாபம் 1,82,400 ஆகிவிடுகிறது. விற்ற 456 டின்னுக்கும் தலா 400 ரூபாய் என்று பெருக்கினாலும் அதே தொகைதான். ஆடிட்டர் தேடிய பதினாலுக்குப் பக்கமான விகிதமும் வந்துவிட்டது.

இனி அடுத்த படி. கடை வாடகை, கூலி முதலான செலவுகள் 92,400 ரூபாய் என்று கொள்வோம். பதிவு போடாதபோது நிகர இலாபம் 50,000. பதிவு போட்டபின் 1,82,400இல் இந்தச் செலவும் போக, மாதிரிக்கான 10,000ம் இலாப நட்டக் கணக்கில் விளம்பரமாகக் கழிகிறது. மிஞ்சுவது 80,000. மாதிரி எண்ணெய் மொத்த இலாபத்தை உயர்த்திவிட்டு, அடுத்த கணக்கிலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. நிகர இலாபம் கூடியது வீட்டுக்குப் போன 30,000 அளவுக்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அண்ணாச்சியின் முதல் எந்த வழியிலும் மாறாது. தொடக்க முதல் 3,00,000 என்றால், பதிவு இல்லாமல் 50,000 இலாபம் சேர்ந்து 3,50,000. பதிவோடு 80,000 சேர்ந்து, எடுப்பு 30,000 கழிந்து, அதே 3,50,000. இருப்புநிலைக் குறிப்பு இரண்டு வழியிலும் ஒத்துப்போகும். அதனால்தான் இந்தத் தவறு வருஷக்கணக்கில் மறைந்து கிடக்கிறது. மாறுவது வருமான வரிக்குப் போகும் இலாபம். வீட்டுச் சமையல் எண்ணெயைக் கடைச் செலவாகக் கழித்துக்கொண்டதாக ஆகிவிடும்.

பதிவை அடக்க விலையில் போடுவதா, விற்பனை விலையில் போடுவதா? 2,900 என்று போட்டால் பன்னிரண்டு டின்னுக்கும் சேர்த்து 4,800 ரூபாய் கூடுதல் இலாபம் வந்துவிடும். அண்ணாச்சி தன்னிடமே வியாபாரம் செய்து லாபம் பார்த்ததாகிவிடும். இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பம்பாயில் வெள்ளியும் பங்குகளும் வாங்கி விற்ற சர் கிகாபாய் பிரேம்சந்த், சில வெள்ளிப் பாளங்களையும் பங்குகளையும் தொழிலிலிருந்து எடுத்து அறக்கட்டளைகளுக்கு எழுதிவைத்தார்; ஏட்டில் வாங்கிய விலையையே காட்டினார். சந்தை விலையைக் காட்ட வேண்டும் என்றது வரித்துறை. ஒருவர் தன்னிடமிருந்தே இலாபம் ஈட்ட முடியாது என்று 1953இல் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஒரு நீதிபதி மாறுபட்டார்.

ஜிஎஸ்டி வந்தபின் ஒரு வேலை கூடியிருக்கிறது. வாங்கும்போது கட்டிய வரியைக் கடைக்காரர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்கிறார். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு, சொந்த உபயோகத்துக்குப் போன சரக்குக்கும் இலவச மாதிரிக்கும் அந்த வரவைத் தராது. சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம். வீட்டுக்குப் போன 30,000க்கு 1,500, மாதிரி 10,000க்கு 500. ஏற்கெனவே எடுத்திருந்தால் GSTR-3B படிவத்தில் 4(B)(1) வரிசையில் திருப்பிக் காட்ட வேண்டும். அப்போது எடுப்பு 31,500 ஆகவும் விளம்பரம் 10,500 ஆகவும் பற்றாகும். கொள்முதல் வரவு மாறாது, கூடுதல் தொகை உள்ளீட்டு வரிக் கணக்குகளில் வரவாகும். ஆகவே மொத்த இலாபம் அசையாது. தொகுப்புத் திட்டத்தில் இருப்பவருக்கு உள்ளீட்டு வரவே கிடையாது என்பதால் திருப்பவும் எதுவும் இல்லை. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" இதில் சேராது. ஒரே விலைக்கு இரண்டு பொருள் விற்றதாகவே 2019இல் வந்த சுற்றறிக்கை அதை எடுத்துக்கொள்கிறது.

அண்ணாச்சி அவசரப்பட்டு இன்னொரு தவறும் செய்யப் பார்த்தார். எடுத்த 16 டின்னையும் இறுதிச் சரக்கிருப்பில் சேர்த்துவிடலாமே என்றார். எண்ணிப் பார்த்த இருப்பு 40தான். போன டின்னை இருப்பில் சேர்த்தால் இல்லாத சரக்குக்கு மதிப்பு வரும். கொள்முதலிலும் கழித்து இருப்பிலும் கூட்டினால் 40,000 இலாபத்தில் இரண்டு தடவை ஏறும்.

எண்ணெய் ஆலை தானே அனுப்பிவைக்கும் "விற்பனைக்கல்ல" என்று அச்சடித்த சாஷேக்கள் அண்ணாச்சியின் கொள்முதலில் வந்ததே இல்லை. அவற்றைத் தெருவெல்லாம் கொடுத்தாலும் பதிவு தேவையில்லை. குப்பி வாங்கிய காசு மட்டும் நேரே விளம்பரச் செலவு. இப்போது கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. தேதி, எத்தனை டின், வீடா மாதிரியா, அடக்க விலை என்று நாலு கட்டம். டின்னைக் கேரியரில் ஏற்றும் பையன்தான் முதலில் எழுதுகிறான்.