ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரு விளிம்பு

படச்செயலாக்க வகுப்பின் ஸ்லைடுகளில் வழக்கமாக இரண்டு புகைப்படங்கள் இருக்கும். இடப்பக்கம் அசல் படம், வலப்பக்கம் விளிம்புகள் மட்டும் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும் படம். நடுவில் என்ன நடந்தது என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடும். புகைப்படத்துக்கு முன்னால் எண்களைக் காட்ட வேண்டும் என்பதே என் கட்சி. இருபத்தைந்து எண்கள் போதும்.

```
10 10 10 90 90
10 10 10 90 90
10 10 10 90 90
10 10 10 90 90
10 10 10 90 90
```

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. மேலே உள்ள கட்டத்தில் இருட்டு 10, வெளிச்சம் 90. மூன்றாம், நான்காம் நெடுவரிசைகளுக்கு இடையில்தான் விளிம்பு இருக்கிறது.

முதலில் சராசரி ஃபில்டர். ஒரு பிக்சலையும் சுற்றியுள்ள எட்டையும் கூட்டி ஒன்பதால் வகுக்கிறோம். நட்டநடுப் பிக்சலுக்கு ஆறு பத்துகளும் மூன்று தொண்ணூறுகளும் சேர்ந்து 330 வரும். வகுத்தால் ஏறத்தாழ 37. அதன் வலப்பக்கத்துப் பிக்சல் 63 ஆகும். சட்டென்று 10இலிருந்து 90க்குத் தாவிய இடம் இப்போது 10, 37, 63 என்று சரிவாகிவிட்டது. படம் மங்குவது இப்படித்தான்.

விளிம்பைக் கண்டுபிடிக்கக் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் இர்வின் சோபெலும் கேரி ஃபெல்ட்மனும் முன்வைத்த கட்டம் இது:

```
-1 0 1
-2 0 2
-1 0 1
```

இதை நட்டநடுப் பிக்சலின் மேல் வைத்துப் பாருங்கள். வலப்பக்கம் 90 + 180 + 90 = 360. இடப்பக்கம் 10 + 20 + 10 = 40. கழித்தால் 320. ஒரு பிக்சல் இடப்பக்கம் நகர்த்தினால் இருபுறமும் 40, விடை 0. வலப்பக்கம் நகர்த்தினால் மறுபடி 320. ஆகவே விளிம்பு இரண்டு பிக்சல் தடிமனாகத் தெரியும். கட்டத்தின் ஓரப் பிக்சல்களுக்கு முழு அண்டை இல்லாததால், விடை உள்ளே இருக்கும் ஒன்பதுக்கு மட்டுமே கிடைக்கும்.

பலர் வழுக்குவது இதற்கு அடுத்த படியில். படத்தைத் திருப்பி, வெளிச்சம் இடப்பக்கமும் இருட்டு வலப்பக்கமும் இருக்கும்படி வைத்தால் அதே கணக்கில் −320 வரும். அதை 0 முதல் 255 வரைக்குள் அடக்கிச் சேமித்தால், 320 வந்த இடம் 255 ஆகி வெள்ளையாகத் தெரியும். −320 வந்த இடம் 0 ஆகிக் காணாமல் போகும். ஒரு பெட்டியின் இடவிளிம்பு தெரிந்து வலவிளிம்பு தெரியாவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். குறியை நீக்கி, அளவை மட்டும் எடுத்த பிறகே சேமிக்க வேண்டும். கிடைக்கோட்டு விளிம்புகளுக்கு இதே கட்டத்தைப் படுக்க வைத்துத் தனியாகக் கணக்கிட வேண்டும். இந்த ஒன்றால் அவை அகப்படாது.

ஸ்லைடு தயாரிக்கும் ஆசிரியர்கள் இந்த இரண்டு கட்டங்களையும் அருகருகே வைத்து, ஒரு பிக்சலையாவது மாணவர் கையால் கணக்கிட்ட பிறகு புகைப்படத்தைக் காட்டுங்கள்.