மலை ஏன் கடலானது?

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று எடுத்த படம் ஒன்றைப் பெரியகுளத்தில் இருக்கும் சித்திக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. "கொடைக்கானலுக்குப் பின்னாடி கடல் எப்படா வந்துச்சு?"

கடல் இல்லை, மலைதான். மூட்டத்தை எடுக்கிறேன் பேர்வழி என்று லைட்ரூமில் Dehaze ஸ்லைடரை +60 வரைக்கும் தள்ளியிருந்தேன். வெளிறிக் கிடந்த தூரத்து மலை மைக்கூட்டைக் கவிழ்த்தது போல நீலமாகிவிட்டது. முன்னால் நின்ற தைல மரத்தின் இலைகள் கரியாகிவிட்டன. அந்த இலைகளைச் சுற்றி வேட்டிக்குக் கரை போட்டது போல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. போனின் சின்னத் திரையில் பார்த்தபோது இதெல்லாம் 'பளிச்' என்றுதான் தெரிந்தது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் சித்தி கேட்டதில் தப்பில்லை என்று புரிந்தது.

மார்ச் மாதம், காலை ஒன்பதரை மணி. கேமரா தென்கிழக்கைப் பார்த்திருந்தது, ஏறக்குறைய சூரியனைப் பார்த்து. மூட்டம் மிக வெள்ளையாகத் தெரிவது இந்தத் திசையில்தான். போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. சூரியனுக்குப் பக்கவாட்டில், செங்கோணத்தில் பார்க்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும்.

மூட்டம் படத்தில் என்ன செய்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். தூரத்து மலைச்சரிவில் ஒரு புள்ளியின் உண்மையான நிறம் சிவப்பு 40, பச்சை 60, நீலம் 50 என்று வைத்துக்கொள்வோம். பச்சைதான் தூக்கல். இந்த ஒளியில் பத்தில் மூன்று பங்குதான் கேமராவுக்கு வந்து சேர்கிறது, அதாவது 12, 18, 15. மீதியை வழியில் உள்ள காற்று தன் சொந்த வெளிச்சத்தால் நிரப்புகிறது. காற்று சிதறடிக்கும் ஒளியில் நீலம் கொஞ்சம் கூடுதல் என்பதால், அது சேர்ப்பது 140, 140, 147 என்று இருக்கலாம். கூட்டினால் 152, 158, 162. படத்தில் பதிவாவது இந்த வெளிறிய சாம்பல்தான்.

மூட்டத்தை எடுப்பது இதே கணக்கைத் திருப்பிப் போடுவதுதான். காற்று சேர்த்ததைக் கழித்து, மிஞ்சியதைச் சுமார் மூன்றேகால் மடங்கு பெருக்க வேண்டும். சரியாகக் கழித்தால் பச்சை மலை திரும்பி வரும். நான் செய்தது போல ஆசைப்பட்டு மூன்று நிறத்திலும் 146 கழித்தால் மிஞ்சுவது 6, 12, 16. பச்சையை நீலம் முந்திவிட்டது. முன்பு சிவப்பைவிட ஒன்றேகால் மடங்காக இருந்த நீலம், இப்போது இரண்டரை மடங்குக்கும் மேல். கழித்தது ஆறே ஆறு அதிகம், மலை கடலாகிவிட்டது. நிறம் எகிறுவது ஸ்லைடரின் கோளாறு இல்லை. சின்ன எண்களில் கொஞ்சம் கூடக் கழித்தாலும் விகிதம் தாறுமாறாகிவிடும், அவ்வளவுதான். மிஞ்சியதைப் பெருக்கும்போது புள்ளிப்புள்ளியான நொய்ஸும் சேர்ந்தே பெருகும். தூரத்து மலை மொரமொரவென்று பொரித்தெடுத்தது போல் ஆவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

இலையைச் சுற்றிய வெள்ளைக் கரையின் கதை வேறு. எந்த இடத்தில் எவ்வளவு மூட்டம் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? 2009-இல் கைமிங் ஹே, ஜியான் சுன், சியாவோ டாங் மூவரும் ஒரு வழி சொன்னார்கள். மூட்டமில்லாத காட்சியில், வானத்தை விட்டுவிட்டால், பெரும்பாலும் எந்தச் சின்னக் கட்டத்தை எடுத்தாலும் அதில் எங்காவது ஒரு நிழலோ அடர்நிறமோ இருக்கும், மூன்று நிறங்களில் ஏதாவது ஒன்று அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அப்படி ஒன்று இல்லை என்றால், அந்த இடத்தை மூட்டம் வெளுக்க வைத்திருக்கிறது என்று பொருள். இலவச மென்பொருளான டார்க்டேபிளில் உள்ள haze removal இந்த வழியில்தான் இயங்குகிறது. அந்த ஆய்வில் கட்டத்தின் அளவு பதினைந்துக்குப் பதினைந்து பிக்சல். பாதி இலை, பாதி தூரத்து மலை விழுகிற கட்டத்தை நினைத்துப் பாருங்கள். இலையின் கருமையைப் பார்த்ததும் 'இங்கே மூட்டமே இல்லை' என்று முடிவாகிவிடும். ஆக, இலையை ஒட்டிய மலைப்பகுதி மட்டும் வெளிறியபடியே நிற்கும். கரை அதுதான். இதைச் சரிசெய்யும் நுணுக்கங்கள் இந்தக் கருவிகளில் உண்டு. ஆனால் ஸ்லைடரை அதிகம் தள்ளினால் அவையும் கைவிட்டுவிடும்.

இரண்டாவது முறை ரா ஃபைலிலிருந்து மறுபடி தொடங்கினேன். போனில் எடுத்த ஜேபெக்காக இருந்திருந்தால் இவ்வளவு இடம் கிடைத்திருக்காது. ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 படிகள். வெளிறிய மலைக்குக் கிடைப்பது அதில் சில படிகள்தான், இழுத்தால் பட்டை பட்டையாகப் பிளக்கும்.

படம் முழுவதற்குமான Dehaze இப்போது பூஜ்யம். மூட்டம் இருப்பது தொடுவானத்தை ஒட்டிய ஒரு பட்டையில்தானே? அந்தப் பட்டை மேல் Radial Gradient ஒன்றை அகலமாக இழுத்துப் போட்டு Feather-ஐ முழுசாக வைத்தேன். நடுவில் முழு வீச்சு, மேலே வானத்துக்கும் கீழே பள்ளத்தாக்குக்கும் போகப் போகக் கரைந்துவிடும். வானத்தை அடியோடு வெட்டி நீக்கக் கூடாது. மலைமுகட்டில் மலை திடீரென்று கறுத்து, வானம் மட்டும் வெளுப்பாக நின்றால், அங்கே இன்னொரு வெள்ளைக் கரை முளைக்கும். பிறகு இந்த மாஸ்க்கை Luminance Range-உடன் Intersect செய்து, வெளிச்சமான பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். கருத்த தைல இலைகள் தானாகக் கழன்றுகொண்டன. பிரஷ்ஷால் இலை இலையாகச் சுற்றி வர ஒரு ஆயுள் போதாது.

அந்த மாஸ்க்குக்குள் Dehaze +18. அறுபதிலிருந்து பதினெட்டுக்கு இறங்க மனசு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மலை லேசாக நீலத்துக்குச் சாய்ந்ததால் Temp-ஐ மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, Saturation-ஐ -12 ஆக்கினேன். Clarity, Texture இரண்டையும் தொடவில்லை. விளிம்பில் கான்ட்ராஸ்டைக் கூட்டுவதுதான் அவற்றின் வேலை, கரை போடுவதும் அதே வேலைதான். என் படத்துக்குப் பதினெட்டு என்றால் உங்கள் படத்துக்கும் அதுவே என்று இல்லை. முகட்டை நூறு சதவீத அளவில் பார்த்துக்கொண்டே, கரை தெரியத் தொடங்கும் வரை தள்ளிவிட்டு, அங்கிருந்து நன்றாகப் பின்வாங்குங்கள்.

இன்னொரு சோதனையும் எனக்குப் பிடிக்கும். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கண்ணை இடுக்கிப் பார்ப்பது. பின்னால் இருக்கிற மலை முன்னால் இருக்கிற மலையைவிட வெளிறித்தான் இருக்க வேண்டும். முதல் முறை கடைசி முகடு அதற்கு முன்னதைவிடக் கருத்திருந்தது. அதனால் மலைகள் அடுக்கடுக்காகத் தெரியாமல் ஒரே சுவரில் ஒட்டிய அட்டை போலத் தெரிந்தன. இப்போது வரிசை சரியாக இருந்தது. வானத்தில் சென்சார் தூசியின் கரும்புள்ளிகள் மூன்று முன்பு பூதாகரமாகத் தெரிந்தன. அவையும் அடங்கிவிட்டன.

கடைசி முகட்டுக்குக் கீழே, சமவெளி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அங்கே மலையின் ஒளியோ மரத்தின் ஒளியோ கேமராவுக்கு வந்து சேரவே இல்லை. பதிவானது முழுக்கக் காற்றின் வெளிச்சம். கழித்தால் பூஜ்யம், பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் நொய்ஸ்தான் மிஞ்சும். வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.

புதிய படத்தைச் சித்திக்கு அனுப்பினேன். இந்த முறை போன் வரக் கொஞ்ச நேரம் ஆனது. பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடியிருக்கிறாள் போல.

"மலை நல்லாத்தான் இருக்கு. எங்க ஊரு எங்கடா?"

"அந்த வெள்ளைக்குள்ள இருக்கு சித்தி."

"அதைக் கொஞ்சம் தொடச்சு அனுப்புறது!"