உறவின் இரண்டு அளவுகோல்கள்

“இவ்வளவு கஷ்டப்படுகிறாளே, ஏன் இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறாள்?” என்று ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்கிறோம். “நன்றாகத்தானே இருந்தார்கள், எதற்குப் பிரிந்தார்கள்?” என்று வேறொரு தம்பதியைப் பற்றிக் கேட்கிறோம். மனநிறைவு இருந்தால் உறவு நிற்கும், இல்லாவிட்டால் முறியும் என்று நம்புவதால்தான் இரண்டு கேள்விகளும் எழுகின்றன. அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் திபோ, ஹெரால்ட் கெல்லி இருவரும் 1959இல் எழுதிய நூலில் அந்த நம்பிக்கையையே அசைத்தார்கள். மனநிறைவு வேறு, நீடிப்பது வேறு. இரண்டையும் மனிதர்கள் வெவ்வேறு அளவுகோலால் அளக்கிறார்கள் என்றார்கள்.

மனிதர்கள் பழகும்போது அன்பு, உதவி, மரியாதை, பணம், நேரம் என்று ஏதேதோ கைமாறுகின்றன. கிடைப்பதையும் கொடுப்பதையும் மனம் சீர்தூக்கிக்கொண்டே இருக்கிறது என்பது சமூகப் பரிமாற்றக் கோட்பாடு. தமக்கு எது மேல் என்று பார்த்தே மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள் என்ற பகுத்தறிவுத் தேர்வுக் கோட்பாடு அதன் உறவுக்காரன். திபோவும் கெல்லியும் கேட்டது, எதோடு ஒப்பிட்டுச் சீர்தூக்குகிறோம் என்பதை.

முதல் அளவுகோல் எதிர்பார்ப்பு. தாய் தந்தையர் வாழ்ந்த விதம், அக்கம்பக்கத்தில் பார்த்தது, முன்பு பட்ட அனுபவம் எல்லாம் சேர்ந்து, ‘எனக்கு இவ்வளவாவது கிடைக்க வேண்டும்’ என்று ஒரு மட்டத்தை உருவாக்குகின்றன. கிடைப்பது அதற்கு மேலே இருந்தால் நிறைவு, கீழே இருந்தால் குறை. இரண்டாவது அளவுகோல் போக்கிடம். இந்த உறவை விட்டால் அடுத்து என்ன வாழ்க்கை கிடைக்கும்? தனியாக வாழ்வதும் இதில் சேரும். இருப்பதா போவதா என்பதை முடிவுசெய்வது இந்த இரண்டாவது அளவுகோல்தான்.

விளங்குவதற்காக ஒரு கற்பனைத் தம்பதிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்போம். மனைவி எதிர்பார்ப்பது 6, கிடைப்பது 4. குறையோடுதான் வாழ்கிறாள். ஆனால் அவளுக்குச் சம்பாத்தியம் இல்லை, திரும்பிப் போகப் பிறந்த வீடும் இல்லை. வெளியே கிடைக்கக்கூடியது 1. ஆகவே இருக்கிறாள். கணவன் எதிர்பார்ப்பது 5, கிடைப்பது 7. நிறைவாகவே இருக்கிறான். ஆனால் வெளியே அவனுக்கு 6 கிடைக்கும். உறவு முறிந்தால் அவளுக்கு இழப்பு மூன்று, அவனுக்கு ஒன்று. அதனால் அந்த வீட்டில் அவன் பேச்சே எடுபடும். குறைவாக இழக்கக்கூடியவர் கையில்தான் அதிகாரம் என்பதை வில்லார்ட் வாலர் 1938லேயே சொன்னார். ரிச்சர்ட் எமர்சன் 1962இல் அதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார்.

இப்போது மனைவிக்கு ஒரு வேலை கிடைக்கிறது. அவளுடைய போக்கிடம் 1இலிருந்து 3ஆக உயர்கிறது. கிடைப்பது இன்னும் 4 என்பதால் அவள் வெளியேறப் போவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எதுவுமே மாறவில்லை. ஆனால் முன்பு 4 என்பது 2ஆகக் குறைந்தாலும் அவள் பொறுத்திருப்பாள். இனி 3க்குக் கீழே போனால் போய்விடுவாள். அது கணவனுக்கும் தெரியும். அவள் வாசல்படியைத் தாண்டாமலேயே அவளை நடத்தும் விதத்துக்கு ஓர் அடிமட்டம் வந்துவிடுகிறது. இந்தக் கோட்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. பெண்ணுக்கு வேலையும் சொத்தும் வந்தால் குடும்பம் உடையும் என்று அஞ்சுபவர்கள், உடையாத குடும்பங்களுக்குள் நடக்கும் இந்த மாற்றத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிஜ வாழ்க்கையில் இப்படி நடக்கிறதா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் மணமான சுமார் ஐந்நூறு பெண்களிடம் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் இருவரும் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. நிலமோ வீடோ தம் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனின் அடி உதைக்கு ஆளாகியிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் அது 18 சதவீதம், வீடு மட்டும் உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7. நிலத்தைவிட வீடு கூடுதலாகக் காப்பதைக் கவனியுங்கள். நிலத்திலிருந்து வருமானம் வரும். ஆனால் நள்ளிரவில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க இடம் தருவது வீடு. சொத்துள்ள பெண்களின் குடும்பங்கள் வேறு விதங்களிலும் மாறுபட்டவையாக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. கல்வி, வருமானம் போன்றவற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும் சொத்தின் பலன் தெரிந்தது என்றாலும், ஒரே சமயத்தில் எடுத்த இத்தகைய கணக்கெடுப்பு காரணத்தை முற்றாக நிறுவிவிடாது.

போக்கிடம் இருந்தும் போகாதவர்களும் உண்டு. அவர்களை விளக்க, கேரில் ரஸ்பல்ட் 1980களில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார். உறவில் ஏற்கெனவே போட்டு, பிரிந்தால் திரும்பக் கிடைக்காதவை: கழிந்த ஆண்டுகள், பிள்ளைகள், சேர்ந்து கட்டிய வீடு, இருவருக்கும் பொதுவான சொந்தபந்தம். 1995இல் ஜான் மார்ட்ஸுடன் சேர்ந்து, அடிபட்டுக் காப்பகத்துக்கு வந்த பெண்களை அவர் ஆராய்ந்தார். கணவனிடமோ துணைவனிடமோ திரும்பிப் போனவர்கள் பெரும்பாலும் பொருளாதாரப் போக்கிடம் குறைந்தவர்கள், உறவில் அதிகம் போட்டவர்கள். இத்தகைய பெண்களின் மனத்தில் கோளாறு தேடும் வழக்கம் அப்போது பரவலாக இருந்தது. அவர்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள் என்று அந்த ஆய்வு திருப்பிவிட்டது.

நட்பில் இந்தக் கணக்கு வேறு மாதிரி. விலகுவதற்கு நீதிமன்றம் வேண்டாம், சொத்துப் பிரிவினை இல்லை. பிடித்து வைக்கும் கயிறு குறைவு என்பதால், நட்பில் நிறைவு குறைந்தால் சண்டைகூட இல்லாமல் தொலைபேசி அழைப்புகள் குறைந்து அது தேய்ந்துபோகும். ஆனால் இங்கேதான் கோட்பாடு தன் எல்லையையும் தொடுகிறது.

மார்கரெட் கிளார்க் 1984இல் வெளியிட்ட சோதனையில், இருவர் இருவராக ஒரே தாளில் உள்ள எண்களுக்கிடையே குறிப்பிட்ட வரிசைகளைத் தேடி வட்டமிட வேண்டும். கூட்டாகக் கிடைக்கும் பரிசை இருவரும் பிரித்துக்கொள்ளலாம். முதலாமவர் ஒரு நிறப் பேனாவால் வட்டமிட்டு முடித்ததும் இரண்டாமவர் முறை. அவர் எந்த நிறத்தை எடுக்கிறார் என்பதுதான் சோதனை. முன்பின் அறியாதவர்கள் பெரும்பாலும் வேறு நிறத்தை எடுத்தார்கள். யார் எத்தனை கண்டுபிடித்தார் என்று பின்னால் தெரிய வேண்டுமே. நண்பர்கள் அப்படிச் செய்யவில்லை. கணக்குப் பார்க்க வழி இருந்தும் அவர்கள் அதைத் தேடவில்லை.

நம் ஊர்க் கல்யாண வீட்டிலும் இந்த வேறுபாடு உண்டு. மொய் நோட்டில் பெயரும் தொகையும் ஏறுகின்றன. அடுத்த விசேஷத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்கிறோம். அதில் தவறு எதுவும் இல்லை, உறவும் அப்படித்தான் ஓடுகிறது. அதே கல்யாணத்தில் மூன்று நாள் பந்தி மேற்பார்வை பார்த்த நண்பனுடைய உழைப்பை யாரும் எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. மறுநாளே அவனிடம் அதற்கொரு தொகையை நீட்டினால் அவன் முகம் மாறும். கிளார்க்கும் ஜட்சன் மில்ஸும் 1979இல் செய்த சோதனையிலும் இதைத்தான் கண்டார்கள்: நெருங்கிப் பழக விரும்பிய ஒருவர் உதவியை உடனுக்குடன் சரிக்கட்டியபோது, அவர்மேல் இருந்த விருப்பம் குறைந்தது.

அதற்காக நண்பர்கள் கணக்கே பார்ப்பதில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. நீண்ட காலம் ஒருவரே கொடுத்துக்கொண்டிருந்தால் நட்பும் கசக்கும். நண்பர்கள் ஒவ்வொரு உதவியையும் எழுதி வைப்பதில்லை. நமக்குத் தேவைப்பட்டபோது அவன் வந்து நின்றானா என்பதைத்தான் நினைவில் வைக்கிறார்கள். திருமணத்திலும் இது பொருந்தும். ‘நான் இத்தனை முறை செய்தேன், நீ எத்தனை முறை செய்தாய்’ என்ற பேச்சு ஒரு வீட்டில் திடீரென்று தலைகாட்டினால், தேவையின்போது துணை நிற்பார் என்ற நம்பிக்கை பெரும்பாலும் அதற்கு முன்பே குறைந்திருக்கும். அப்போது எண்ணிக்கையைச் சரிசெய்வதைவிட, எப்போது, எந்தத் தேவையில் துணை வரவில்லை என்று கேட்பதே பயன் தரும்.