ஒரே ஆள் காரைத் தூக்குவது எப்படி?

பஞ்சர் கடையில் இருக்கும் பாட்டில் ஜாக்கையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் எண்ணெய். ஓரத்தில் 1 செ.மீ. விட்டமுள்ள சின்ன பிஸ்டன், நடுவில் 3 செ.மீ. விட்டமுள்ள பெரிய பிஸ்டன் என்று வைப்போம். அடைபட்ட எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். 17ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் இதை விளக்கிவிட்டார். விட்டம் 3 மடங்கு என்றால் பரப்பு 9 மடங்கு. விசையும் 9 மடங்கு. நீளமான கைப்பிடி நெம்புகோலாகி இன்னும் 20 மடங்கு கூட்டினால், மொத்தம் 180. காரின் ஒரு மூலையில் 360 கிலோ பாரம் இருந்தாலும் கைக்குத் தெரிவது சுமார் 2 கிலோதான். உராய்வால் சற்றுக் கூடும்.

இதற்கு விலை தூரம். கை 36 செ.மீ. இறங்கினால் கார் ஏறுவது 2 மி.மீ. மட்டுமே. 10 செ.மீ. உயர்த்த 50 முறை அடிக்க வேண்டும்.

கைப்பிடியை மேலே எடுக்கும்போது கார் ஏன் இறங்குவதில்லை? எண்ணெய் திரும்பிப் போகாதபடி ஒரு சிறிய குண்டு வால்வை அடைத்துக்கொள்கிறது. அதில் தூசி சிக்கினாலோ சீல் தேய்ந்தாலோ கார் மெல்ல மெல்லத் தாழும். ஆகவே ஸ்டாண்ட் வைக்காமல் காருக்கு அடியில் நுழையவே கூடாது.