ஒரே பெயரில் இரண்டு வைஃபை

புதிதாக வாங்கிய ஸ்மார்ட் பல்பு வேகமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. செயலியில் வைஃபை பாஸ்வேர்டைச் சரியாகத்தான் கொடுத்தீர்கள். ஆனாலும் திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் இணைக்க முடியவில்லை என்று கைவிரிக்கிறது. பல்பை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குக் கிளம்புமுன் ரவுட்டரைப் பாருங்கள்.

இப்போதைய ரவுட்டர்களில் பெரும்பாலானவை இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டியும் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவருக்குள் தளர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், எதில் சேர்வது என்பதைப் போனும் ரவுட்டருமே பார்த்துக்கொள்ளும்.

சிக்கல், மலிவான பல்பிலும் பிளக்கிலும் 2.4 மட்டுமே இருப்பதுதான். பல்பில் பாஸ்வேர்டைத் தட்ட இடம் ஏது? அதனால் சில செயலிகள் போன் வழியாக அதைச் சங்கேதமாகக் காற்றில் அனுப்பும், பல்பு ஒட்டுக்கேட்கும். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கும் போன் 5-ஐப் பிடித்திருந்தால், அந்தச் செய்தி பல்புக்குப் பெரும்பாலும் எட்டாது. போனின் வைஃபை விவரத்தில் ‘5 GHz’ என்று தெரிந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பலவற்றில் `192.168.1.1`) பிரவுசரில் தட்டி உள்ளே போங்கள். `Smart Connect` அல்லது `Band Steering` என்றிருப்பதை அணையுங்கள். இப்போது இரண்டு பெயர்களைத் தனித்தனியாக வைக்கலாம். பழைய பெயரை, `Veedu` என்று வைத்துக்கொள்வோம், 2.4-க்கே விட்டுவிடுங்கள், 5-க்கு `Veedu_5G` என்று புதுப்பெயர் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் ஏற்கெனவே ஓடும் பிரின்டர், கேமரா எல்லாவற்றையும் மறுபடி இணைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

போனை `Veedu`-வில் சேர்த்துப் பல்பை இணைத்த பிறகு, போன் 5-க்குத் திரும்பிவிடலாம். இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க் என்பதால் பல்பு சொன்னபடி கேட்கும். பல்பை விருந்தினர் வைஃபையில் சேர்த்தால் மட்டும் இது சில சமயம் நடக்காது. அங்குள்ள கருவிகளை வீட்டுக் கருவிகளோடு ரவுட்டர் பேசவிடாது.

பிரித்ததை அப்படியே விட்டுவிடலாமா? கையில் போனோடு வீடெல்லாம் நடப்பவர்களுக்கு அது தொல்லை. `Veedu_5G`-யில் இருக்கும் போன், பின்கட்டு அறையில் சிக்னல் தேய்ந்தாலும் அதையே பிடித்துத் தொங்கும். நானாக இருந்தால் பல்பு இணைந்ததும் மறுபடி ஒன்றாக்கிவிடுவேன். பெயரும் பாஸ்வேர்டும் மாறாததால் பல்பு வழக்கமாகத் தானே சேர்ந்துகொள்ளும். ஒன்றாக்கியதும் அடிக்கடி அறுந்துபோனால், பிரித்தே வைப்பதுதான் வழி. இடம் மாறாத டிவிக்கு அதுவும் நல்லதே, 5-ஐ மட்டும் காட்டிவிடலாம்.

பிரித்தும் பல்பு மசியவில்லையென்றால், பாதுகாப்பு அமைப்பில் `WPA3` மட்டும் இருக்கிறதா பாருங்கள். பழைய பல்புகளுக்கு 2.4-இல் `WPA2` வேண்டும்.