பாக்கியில் கழித்துக்கொள்வது

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். நூல் இன்னொருவருடையது, நெசவு மட்டும் இவர்களுடையது. அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. நூல் டெலிவரி சலானில் வருகிறது, துணி திரும்பிப் போகிறது, கூலிக்கு மட்டும் பில். சொந்தமாக நூல் வாங்கி நெய்து விற்பவரின் கதை வேறு. நூல் கொடுத்த வியாபாரியே துணியையும் எடுத்துக்கொள்வது அங்கே சாதாரணம். தறிக்காரருக்கு அவர் சரக்கு தருபவர், சரக்கு வாங்குபவர், இரண்டும்தான்.

மாதக் கடைசியில் ஒரு போன். “உங்க நூல் பாக்கிய துணிக் கணக்குல கழிச்சுக்கிறேனுங்க, மீதிய பேங்க்ல போட்டுடறேன்.” தறிக்காரரும் சரிங்க என்கிறார். பேச்சில் அரை நிமிடம்தான். இதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்பதில்தான் பலருக்குத் தடுமாற்றம்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஜூன் 3-ஆம் தேதி 4,00,000 ரூபாய்க்குப் பருத்தி நூல் வருகிறது. 5 சதவீத ஜிஎஸ்டி 20,000 சேர்த்து பில் 4,20,000. ஜூன் 20, ஜூன் 28, ஜூலை 10 ஆகிய மூன்று நாட்களில் துணி போகிறது. ஒவ்வொரு பில்லும் 2,00,000, வரி 10,000, ஆக 2,10,000. மூன்றும் சேர்ந்து 6,30,000. நூலுக்குத் தறிக்காரர் தர வேண்டியது 4,20,000. துணிக்கு அவருக்கு வர வேண்டியது 6,30,000. கழித்தால் வியாபாரி 2,10,000 அனுப்பினால் போதும்.

இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. குழப்பம் பில் போடும் இடத்தில் தொடங்குகிறது. “கடைசியில கைமாறுவது ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்தானே, அதுக்கு மட்டும் ஒரு பில் போட்டா என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. வரியும் ஒன்றேதான் வருகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டும் காட்டுவார்கள். துணிக்கு 30,000 வசூலித்து, நூலுக்குக் கொடுத்த 20,000-ஐக் கழித்துக் கட்டினாலும் 10,000. இரண்டு லட்சத்துக்கு மட்டும் பில் போட்டாலும் 10,000. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது தவறு. லாரியில் போனது ஆறு லட்ச ரூபாய்த் துணி. இ-வே பில் அதற்குத்தான் எழுதப்பட்டிருக்கும். வியாபாரி போட்ட நூல் பில் அவருடைய ரிட்டர்ன் வழியாகத் தறிக்காரரின் ஜிஎஸ்டி கணக்கில் ஏற்கனவே ஏறியிருக்கும். தறிக்காரரின் விற்றுமுதலும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பிறகு அவரே பேங்க்கில் போய், நான் இவ்வளவு பெரிய வியாபாரம் செய்கிறேன், லிமிட்டை ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்பார்.

ஆகவே விற்பனை முழுசாக விற்பனையாகவும், கொள்முதல் முழுசாகக் கொள்முதலாகவும் பதிவாக வேண்டும். நேர் செய்வது பாக்கியை மட்டும்தான். வரிக் கணக்கு, சரக்குக் கணக்கு எதையும் அது தொடாது.

அதற்கான பதிவு ஒரே ஒரு ஜர்னல். சரக்கு தந்தவர் என்ற முறையில் வியாபாரியின் கணக்கில் 4,20,000 பற்று. சரக்கு வாங்கியவர் என்ற முறையில் அதே வியாபாரியின் கணக்கில் 4,20,000 வரவு. இரண்டு பாக்கிகளில் எது சிறியதோ அந்தத் தொகைக்குத்தான் எழுத முடியும். எழுதி முடித்ததும் நூல் பாக்கி பூஜ்யம், துணி பாக்கி 2,10,000. வியாபாரியின் ஏட்டிலும் இதே வடிவம்தான்: அவர் யாருக்குத் தர வேண்டுமோ அந்தக் கணக்கில் பற்று, யாரிடம் வாங்க வேண்டுமோ அந்தக் கணக்கில் வரவு.

பிரிட்டிஷ் கணக்குப் புத்தகங்களில் இந்தப் பதிவைக் கான்ட்ரா என்பார்கள். நம் ஊரில் அந்தப் பெயரை நம்பி டேலியில் F4 அழுத்தினால் வேறு இடத்துக்குப் போய்விடுவோம். அங்கே Contra என்பது ரொக்கத்தைப் பேங்க்கில் கட்டுவது, பேங்க்கிலிருந்து எடுப்பது, ஒரு பேங்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. பள்ளியில் ரொக்க ஏட்டின் ஓரத்தில் ‘சி’ என்று போடச் சொல்லித் தந்த எதிர்ப்பதிவும் அதுதான். நமக்கு வேண்டியது F7, Journal.

அந்த ஜர்னலை எழுதும்போது எந்த பில்லுக்கு எதிராக என்று மென்பொருள் கேட்கும். Agst Ref தேர்ந்தெடுத்து, ஜூன் 20, ஜூன் 28 துணி பில்கள் இரண்டையும் குறித்தால் அவை இரண்டும் தீர்ந்து, ஜூலை 10 பில் மட்டும் நிற்கும். நேரமில்லை என்று On Account போட்டுவிட்டால் மொத்த பாக்கி சரியாகத்தான் இருக்கும். ஆனால் பாக்கிப் பட்டியலில் மூன்று பில்களும் வராதவை போலவே கிடக்கும். ஆறு மாதம் கழித்துப் பட்டியலைப் பார்ப்பவர், தீர்ந்துபோன ஜூன் பில்லுக்காக வியாபாரிக்கு போன் போடுவார்.

சிலர் நூலுக்கும் துணிக்கும் சேர்த்து அந்த வியாபாரி பெயரில் ஒரே கணக்குத்தான் வைத்திருப்பார்கள். கணக்கு தானாகவே நேராகிக்கொள்ளும், ஜர்னலே வேண்டாம். சின்ன வியாபாரத்துக்கு இது ஓடும். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. நேர் செய்ய இருவரும் எப்போது ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு அந்த ஏட்டில் தடயமே இருக்காது. பின்னால் தேவைப்படுவது அந்தத் தேதிதான்.

இரண்டு கணக்கு வைப்பவர்கள் செய்யும் பிழை ஒன்று வேடிக்கையானது. பற்றையும் வரவையும் இடம் மாற்றி எழுதிவிடுவார்கள். நூல் பாக்கி 8,40,000 ஆகும், துணி பாக்கி 10,50,000 ஆகும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அதே 2,10,000. இருப்பாய்வும் சரியாக நிற்கும். நிகரத் தொகையை மட்டும் சரிபார்ப்பவர் கண்ணுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது. பதிவு முடிந்ததும் இரண்டு பாக்கிகளும் குறைந்தனவா, சிறியது பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்ப்பதே வழி.

தேதிக்கு வருவோம். ஜிஎஸ்டி சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் சரக்கு தந்தவருக்குப் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். கையில் காசு மாறாமல் ஏட்டில் நேர் செய்தால் அது பணம் தந்ததாகுமா? மேற்கு வங்க முன்தீர்ப்பு ஆணையம் 2019-இல் சென்கோ கோல்டு நிறுவனத்தின் விண்ணப்பத்தில் ஆகும் என்றது. பரஸ்பரக் கடனை நேர் செய்து தீர்த்தாலும் உள்ளீட்டு வரி உண்டு. முன்தீர்ப்பு, கேட்டவரையும் அவருடைய வரி அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும், தேதியிட்ட ஜர்னலும் இருவர் கையெழுத்திட்ட ஒரு தாளும் இருந்தால் தறிக்காரரின் பக்கம் பலமாக இருக்கும்.

இனி ஒரு சிக்கலைச் சேர்ப்போம். ஜூலை 10 துணியில் எண்ணெய்க் கறை என்று வியாபாரி 21,000 ரூபாய்க்கு டெபிட் நோட் அனுப்புகிறார். தறிக்காரர் ஏற்கவில்லை. வியாபாரி கணக்குப்படி அவர் தர வேண்டியது 6,09,000, தறிக்காரர் கணக்குப்படி 6,30,000. இதற்காக எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. 4,20,000 வரை இருவருக்கும் சண்டையே இல்லை, அதை நேர் செய்துவிடலாம். தகராறு 21,000 தனியாக, ஜூலை 10 பில்லின் மேல் நிற்கட்டும். பிறகு தறிக்காரர் ஒப்புக்கொண்டால் 20,000-க்கும் அதன் வரி 1,000-க்கும் அவர்தான் கிரெடிட் நோட் தர வேண்டும். இந்தக் குறைப்பை நேர் செய்யும் ஜர்னலுக்குள் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவது பலருடைய வழக்கம். பாக்கி தீர்ந்துவிடும், வரி மட்டும் தீராது.

இன்னொரு சிக்கல் குடும்பத்திலிருந்து வரும். நூல் கடை அண்ணன் பெயரில், துணி வாங்கும் கடை தம்பி பெயரில். ஒரே வீடு, ஒரே போன் நம்பர். சட்டத்தின் கண்ணில் இவர்கள் இருவர். நேர் செய்ய, இரு பக்கமும் அதே இருவர், அதே தகுதியில் இருக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டமும் (ஆணை 8, விதி 6) உறுதியான தொகை, அதே தகுதி என்ற இந்த நிபந்தனைகளைத்தான் வைக்கிறது. அண்ணனுக்குத் தர வேண்டியதைத் தம்பியிடம் வர வேண்டியதில் கழிக்க, மூவரும் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். இல்லையென்றால், நாளை அண்ணன் தம்பி பிரிந்தால், அண்ணன் தன் 4,20,000-ஐ முழுதாகக் கேட்பார்.

ஆனால் பெரிய அடி விழுவது எதிர்த்தரப்பு திவாலாகும்போதுதான். தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதனிடமிருந்து அலைக்கற்றை வாங்கியிருந்த ஏர்டெல் அதற்குப் பணம் தர வேண்டியிருந்தது. மறுபக்கம், அழைப்பு இணைப்புக் கட்டணமாக ஏர்செல்லிடமிருந்து ஏர்டெல்லுக்கு வர வேண்டியதும் இருந்தது. ஏர்டெல் 112 கோடி ரூபாய்க்கு மேல் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 ஜனவரி 3-ஆம் தேதி ஏர்டெல்லுக்கு எதிராக முடிந்தது. மீட்பு நடவடிக்கை தொடங்கிய பிறகு கடன்காரர் ஒருவர் தன் பங்கைத் தானே கழித்துக்கொண்டால், வரிசையில் நிற்கும் மற்றவர்களை முந்திப் போவதாகிவிடும் என்பது அதன் சாரம். இரண்டு விலக்குகளை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நடவடிக்கை தொடங்கும் நாளுக்கு முன்பே ஒப்பந்தப்படி எழுந்த நேர் செய்யும் உரிமை ஒன்று. ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி பிணைந்த ஒரே கொடுக்கல் வாங்கலிலிருந்து எழுந்த உரிமை மற்றொன்று.

நம் நூல் வியாபாரி பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வையுங்கள். ஜூலை 15-ஆம் தேதி ஜர்னல் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பாக்கி உறுதிச் சீட்டும் இருந்து, ஆகஸ்டில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனால் தறிக்காரர் வரிசையில் நிற்பது 2,10,000-க்கு மட்டும். போனில் பேசியதோடு விட்டிருந்தால், நிர்வாகப் பொறுப்பேற்பவர் நூலுக்கான 4,20,000-ஐ முழுதாகக் கட்டச் சொல்லலாம். துணிக்கான 6,30,000-க்கு அவர் மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அந்தச் சீட்டுக்கு வக்கீல் தேவையில்லை. இரு தரப்பின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும், நேராகும் பில்களின் எண்களும் தேதிகளும், நேரான தொகை, மிச்சம் யார் யாருக்குத் தர வேண்டும், தகராறில் உள்ளது எவ்வளவு, எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டது, இரண்டு கையெழுத்து. நூல் வாங்கத் தொடங்கும்போதே, ஒருவர் பாக்கியை மற்றவர் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியை ஆர்டர் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால், மாதாமாதம் எழுதும் சீட்டு அந்த வரியின் மேல் நிற்கும்.