உங்களுக்குத் தெரியுமா?

சூரமங்கலத்தில் ஒருவர் சொல்கிறார்: “தங்கச்சி அண்ணனைவிட அந்தக் கொலுசுப் பட்டறைக்காரரை அதிகம் நம்புது.” அண்ணன்மேல் அவளுக்கு நம்பிக்கை குறைவா? அல்லது அண்ணனும் அவரை நம்புகிறார், ஆனால் அவளைவிடக் குறைவாகவா?

ஜெர்மனில் அண்ணன் நம்புபவரா, நம்பப்படுபவரா என்பதை வேற்றுமை உருபே காட்டிவிடும். தமிழிலும் ‘ஐ’ இருக்கிறதே என்றால், அது இங்கே துப்புத் தராது. ‘விட’ வந்தாலே முன்னால் ‘ஐ’ வந்தாக வேண்டும். அண்ணன் எந்தப் பக்கம் நின்றாலும் ‘அண்ணனைவிட’தான்.

வினையையும் சேர்த்துச் சொன்னால் தெளிவு பிறக்கும். ‘அண்ணனை நம்புவதைவிட’ என்றால் அண்ணன்மேல் நம்பிக்கை குறைவு. ‘அண்ணன் நம்புவதைவிட’ என்றால் அண்ணனும் பட்டறைக்காரரை நம்புகிறார். சொன்னவரிடம் இந்த இரண்டையும் வைத்து, எது என்று கேளுங்கள். ‘பணத்தைவிட அவரை நம்புது’ என்றால் கேட்கவே வேண்டாம். பணம் யாரையும் நம்பாது.